முதல் வீட்டுக்குக் கடைசிப் பால்

பாகூர் செல்வகுமாரி சொசைட்டிக்குப் பால் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, லிட்டர் அறுபது ரூபாய் என்று வீடுவீடாகக் கொடுக்க ஆரம்பித்தாள். சொசைட்டியில் விலை குறைவு, ஆனால் காசு தவறாமல் வந்துவிடும். தெருமுனை வீட்டுத் தணிகைவேலிடமிருந்து வராது. அவர் இரண்டு மாதப் பாக்கி. புண்ணாக்குக் கடைக்காரரோ இனிமேல் கடனே கிடையாது என்று சொல்லிவிட்டார்.

பாலை நிறுத்தினால் மனிதர் பாக்கெட் பாலுக்கு மாறிவிடுவார். பாக்கியும் அதோடு போய்விடும். ஆகவே அவள் வரிசையை மட்டும் மாற்றினாள்.

மறுநாள் காலை மொபெட் ஆரன் அடித்துக்கொண்டே முதல் வீட்டைத் தாண்டிப் போனது. சொம்போடு நின்ற தணிகைவேலின் வாய் கேன் மூடி அளவுக்குத் திறந்தது.

"இன்னா குமாரி, என்ன மறந்துட்டியா?"

"மறப்பனாண்ணா? காசு குடுத்தவங்களுக்கு மொதல்ல. உங்களுக்குத் திரும்பி வரும்போது."

அவள் திரும்புவதற்குள் காப்பி இல்லாத அவருக்குத் தாடியே ஒரு முழம் வளர்ந்துவிட்டது. அதற்குள் எதிர்வீட்டுப் பவுனம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இன்னாண்ணே, வண்டி உன் வூட்டாண்ட நிக்கலியே! எத்தினி மாசம் பாக்கி?"

அந்தக் குரல் வில்லியனூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த நாள் பால் கறக்கும் முன்பே தணிகைவேல் மாட்டுக்கொட்டகையில் நின்றார். பாக்கியைத் தீர்த்து, அடுத்த மாதத்துக்கும் முன்பணம் கொடுத்தார்.

"ரசீதெல்லாம் வேணாம்மா. இன்னைக்கு மொதல்ல என் வூட்டாண்ட நின்னு ஆரன் அடி. பவுனம்மா எழுந்து வர வரைக்கும் அடிச்சினே இரு."