கிழித்த முப்பது பக்கம்

கிருஷ்ணகிரியில் புளி மண்டி வைத்திருந்த சென்னகிருஷ்ணனுக்குப் படம் எடுக்கும் ஆசை வந்ததற்கு யார் என்ன செய்ய முடியும்? ஆசை வந்தது, பணம் மட்டும் பாதியில் வற்றிப்போனது. விநியோகஸ்தர் தருவதாகச் சொன்ன முன்பணத்தில் பாதிதான் கையில் கொடுத்தார். உடனே மண்டிக்காரர் திரைக்கதைக் கட்டைக் கையில் வாங்கி, புளி மூட்டையை எடை பார்ப்பதுபோல் இரண்டு முறை தூக்கிப் பார்த்தார்.

"பக்கம் ஜாஸ்திப்பா. முப்பது பக்கம் எடுத்துட்டா செலவு கொறஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே நடுவிலிருந்து சரக்கென்று கிழித்தார்.

கதை எழுதிய ஐசக்குக்கு வயிறு எரிந்தது. மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதிய கதை. ஏரிக்காவலுக்குப் போன மகன் வெள்ளத்தோடு காணாமல் போகிறான். தாயும் மருமகளும் ஒரே சமையலறையில் அவனுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்புதான் கதை. இந்த மகானுபாவர் கிழித்ததும் சரியாக அதைத்தான்!

"மொதலாளி, நீங்க கிழிச்சது ரெண்டு பொம்பளைங்க ஒரே ரூம்ல பேசுறது. நாலு நாள்ல முடிஞ்சுபோயிடும். நாப்பத்தோராம் பக்கத்துல ஒரு வரி இருக்குது, பாருங்க" என்றான் ஐசக்.

சென்னகிருஷ்ணன் எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஏரி உடைந்து ஊருக்குள் வெள்ளம் புகுகிறது." நிமிர்ந்து, "ஒரே வரிதானே?" என்றார்.

அடக் கடவுளே! ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இந்த மனுஷன் அளப்பதெல்லாம் சரிதான், எதை எதால் அளப்பது என்றுதான் தெரியவில்லை.

புரொடக்‌ஷன் மேனேஜர் திம்மப்பன் அந்த ஒரு வரிக்கு வேண்டியதைச் சொன்னான். அம்பது குடிசை செட், முந்நூறு ஆள், மாடு கன்னு, லாரி லாரியாகத் தண்ணீர், பத்து நாள் வேலை. இருக்கிற பணம் மொத்தமும் அந்த ஒரு வரிக்கே காணாது.

"அப்போ அந்த வரியையும் கிழிச்சிடு" என்றார் முதலாளி, தாராளமாக.

"வெள்ளம் வரலேன்னா பையன் எங்கே போவான்? கதை போயிடும்" என்றான் ஐசக். "கதையிலே கைவைக்க வேண்டாம். காட்சியை மாத்தித் தரேன்."

அன்று மத்தியானமே அந்த ஒரு வரியை அடித்துவிட்டு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தான். வெள்ளத்தை வெளியே காட்டுவதே இல்லை. ஏற்கெனவே வாடகைக்குப் பிடித்திருக்கிற வீட்டுச் சமையலறைக்குள் காட்டுவது. சென்னகிருஷ்ணன் சந்தேகத்தோடு பக்கத்தை எண்ணினார்.

"ஒரு வரி ரெண்டு பக்கமாயிடுச்சு, செலவு கொறையுமா? யாருகிட்டயா கத வுடற? சரி, நாளைக்கு ஒரு நாள் எடுத்துக் காட்டு. நல்லா இல்லேன்னா முப்பது பக்கமும் என்கிட்டயே இருக்கட்டும்." கிழித்ததை மடித்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார்.

மறுநாள் மூக்கண்டப்பள்ளியில் வாடகைக்குப் பிடித்த ஓட்டு வீட்டில் வேலை தொடங்கியது. முதலாளியின் மனைவி லட்சுமியம்மாளும் ஷூட்டிங் பார்க்க வந்து, கேமராவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தரை நனைந்துவிட்டால் காய்கிறவரை மறுபடி எடுக்க முடியாது. அதனால் தண்ணீரே இல்லாமல் நாலு தடவை ஒத்திகை பார்த்தார்கள். பின்கதவுக்கு வெளியே இரண்டு டிரம் தண்ணீரோடு திம்மப்பன் காத்திருந்தான்.

கேமரா ஓடியது. தாயாக நடித்த சாந்தம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் மெல்ல உள்ளே வந்தது. தரைச் சரிவில் ஓடி அடுப்பைத் தொட்டதும் நெருப்பு சுர்ரென்று அணைந்தது. மருமகள் அரிசிப் பானையைத் தூக்க ஓடினாள். சாந்தம்மா ஓடவில்லை. மூலையில் கிடந்த மகனின் செருப்பை எடுத்து, முந்தானையால் துடைத்து, பரணில் வைத்தாள்.

"கட்!"

லட்சுமியம்மாள் நாற்காலிமேல் இரண்டு காலையும் தூக்கிவைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை.

சென்னகிருஷ்ணன் வெளியே போய்க் காலி டிரம்மை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "ரெண்டே டிரம்மு! நான் அப்பவே சொன்னேன்ல, கொறைக்கலாம்னு!" என்று சிரித்தபடி தொடையைத் தட்டினார்.

வெட்கமா, மானமா! ஐசக் பல்லைக் கடித்துக்கொண்டான்.

லட்சுமியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா வாத்தியாரே, அந்தப் பையன் உசுரோட வந்துடுவானா?"

பதில் கேட்க முதலாளியும் தலையை நீட்டினார். சிரிப்பு நின்றிருந்தது.

ஐசக் அவருடைய சட்டைப்பையைக் காட்டினான். "அது ஐயா கிழிச்சுவெச்ச முப்பது பக்கத்துல இருக்குதுங்கம்மா."

லட்சுமியம்மாள் புருஷனைப் பார்த்துக் கையை நீட்டினாள்.