பின்னல் துணி மூடிய குடம்

அன்று காலை பத்து மணிக்கு வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் உபகாரசாமி, அவர் மனைவி ஞானபூரணி, பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஜெரினா, அவளுடைய நாற்பது நாள் குழந்தை ஆன் மேரி, கொசுப்புழு பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர் நாகஜோதி. ஆறாவது ஆள் கிடையாது. கண்ணால் கண்டதாகப் பிற்பாடு சொன்ன யாரும் அங்கே இல்லை.

கல்லல் ஊரில் அந்தத் தெருவில் இரண்டு வீடுகளுக்கு டெங்கு வந்துவிட்டது. முந்தின நாள் பகலில், தொட்டிலில் கிடந்த குழந்தையின் காலில் மூன்று தடிப்புகள். ஜெரினா அதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. உபகாரசாமிக்கும் பேத்தியை நினைத்தால் பயம்தான். ஆனால் கொசு அடுத்த வீட்டிலிருந்து வருகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் வீட்டில் புழு இருந்ததாக நாகஜோதியின் நோட்டில் ஏறினால் அப்புறம் தெருவில் எப்படி நடப்பது?

"வந்து பாரும்மா," என்று முன்னால் நடந்தார்.

மாடித் தொட்டியின் மூடி இறுக்கமாக இருந்தது. நாகஜோதி பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த குழாயைத் தொட்டாள். "மூடி சரிதேன் ஐயா. தண்ணி நிறைஞ்சு வழியிற இந்தக் குழா வாய் தொறந்து கெடக்கே. கொசுக்கு இது வாசல் மாதிரி. வலை வச்சுக் கட்டிருங்க."

குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது, புழு இல்லை. ஞானபூரணி அதை உடனே கொட்டித் துடைத்தாள். கொல்லையில் தண்ணீர் தேங்க ஒரு சிரட்டைகூட இல்லை. உபகாரசாமியின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

தொட்டிலருகே ஒரு களிம்புக் குழாய் கிடந்தது. நாகஜோதி எடுத்துப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"பிள்ளைக்குத்தேன். வேம்பு, கற்பூரம்னு எல்லாம் இயற்கையாம், கடையில சொன்னாக. இன்னும் தடவல," என்றாள் ஞானபூரணி.

"தடவிராதீக. ரெண்டு மாசம் ஆகாத பிள்ளைக்குக் கொசுக் களிம்பு எதுவுமே ஆகாது. கற்பூரம் கைப்பிள்ளைக்கு வெசம் மாதிரி. கொசுச் சுருள் பொகையும் வேண்டாம். தொட்டிலச் சுத்தி வலை, கை கால் மூடுன பருத்திச் சட்டை, அம்புட்டுத்தேன். இந்தக் கொசு பகல்லதேன் கடிக்கும், பகல்லயும் வலை கெடக்கட்டும்."

"ரெண்டு மாசம் கழிச்சு?" என்றாள் ஜெரினா.

"டாக்டரக் கேட்டு, பிள்ளை வயசுக்கு ஆகும்னு அட்டையில போட்டிருக்கதா வாங்குங்க. உங்க கையில எடுத்துக் கொஞ்சமாத் தடவணும். பிள்ளை கையில வேண்டாம், வாயில வச்சுக்கிரும். கண்ணு, வாய்ப் பக்கமும் வேண்டாம்."

பார்த்தாயிற்று என்று உபகாரசாமி வாசல் பக்கம் திரும்பினார்.

"அப்பா, அந்தத் தீர்த்தக் குடத்தப் பாக்கலயே," என்றாள் ஜெரினா.

மாதா படத்தின் கீழ் ஓர் எவர்சில்வர் குடம் இருந்தது. ஈஸ்டர் இரவில் மந்திரித்த தண்ணீர். பதினான்கு வருஷமாக அவர் கையால்தான் கோவிலிலிருந்து வருகிறது. நோயாளிகளுக்கென்று தெருவே வந்து வாங்கிப் போகும். வாயை ஞானபூரணி பின்னிய வெள்ளைத் துணி மூடியிருந்தது.

"அது மூடித்தேன் இருக்கு," என்றார்.

"மூடியிருக்கு. ஆனா பின்னல் ஓட்டையில என் சுண்டுவெரலே நொழையும்," என்றாள் ஜெரினா. "தெனமும் சாயங்காலம் அதத் தொட்டுத்தான பிள்ளை நெத்தியில வைக்கிறீக."

நாகஜோதி டார்ச்சை நீட்டினாள். "நான் தொடல ஐயா. நீங்களே பாருங்க."

துணியை நீக்கி வெளிச்சம் அடித்தார். நூல் துண்டுகள் போல ஏழெட்டு மேலே தொங்கின. வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து கீழே இறங்கின.

தொட்டிலில் குழந்தை முனகுவது கேட்டது. அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். சாக்கடைப் பக்கம் போகவில்லை. கொய்யா மரத்தடியில், காய்ந்த மண்ணில், மெதுவாகச் சாய்த்தார். மண் குடித்துவிட்டது, புழுக்கள் மேலே கிடந்து துடித்தன.

"உள்பக்கம் நல்லாத் தேச்சுக் கழுவணும் ஐயா. முட்டை ஓரத்துல ஒட்டியிருக்கும், காஞ்சாலும் மாசக்கணக்கில சாகாது."

ஞானபூரணி கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. தேங்காய் நாரை வாங்கி அவரே தேய்த்தார்.

"நோட்டுல எழுதிக்க. வீட்டுக்காரர் பேர் உபகாரசாமி," என்றார். "இனி தீர்த்தம் திருகு மூடிப் பாட்டில்லதேன்."

ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியார் மரிய ஆனந்த் அவரைக் கோவில் வாசலில் ஓரமாக அழைத்தார். "வாத்தியாரய்யா, அந்த நாகஜோதி உங்க வீட்டுத் தீர்த்தத்தச் சாக்கடையில கொட்டிட்டாளாமே. ஊரே பேசுது."

சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி உபகாரசாமி சொன்னார்.

"அவ குடத்தத் தொடவே இல்ல. ஊத்துனது நான். சாக்கடையில இல்ல, கொய்யா மரத்தடியில. தண்ணியில புழு இருந்துச்சு."