இருபத்தேழு அடி

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பில் கணினிக்கு ஆள் தேவைப்பட்டபோது செயலாளர் கிருபன் அண்ணை என்னைக் கூப்பிட்டார். அதிகம் கதைக்கத் தேவையில்லாத வேலை.

எங்கள் குளத்தின் நீர்மட்டம் ஓர் இணையப் பக்கத்தில் வரும். புதிய எண் வந்தால் பழையது அழிந்துவிடும். அதைச் சேர்த்து வைக்க, கூகிள் ஷீட்டோடு வரும் ஸ்கிரிப்டில் சில வரிகள் எழுதி, நேர ட்ரிகர் ஒன்றும் வைத்தேன். மணிக்கொரு தடவை அது தானாக ஓடும். பக்கத்தை எடுத்து, அடிக்கணக்கைத் தேடி, தான் ஓடிய நேரத்தோடு கடைசி வரிசையின் கீழே சேர்க்கும். கணினியை நிறுத்தினாலும் ஓடும்.

"சம்பளமும் கேக்காது, லீவும் கேக்காது. இனி உன்னையும் நிப்பாட்டலாம் போல," என்று கிருபன் அண்ணை சிரித்தார்.

தை மாதக் கடைசியில் எதிர்பாராத மழை. வீரம்மா அக்காவின் வயல் பள்ளத்தில், குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் வான் வாய்க்காலோடு ஒட்டி இருக்கிறது. வெட்டிய நெல்லைக் கதிர்க்கட்டுகளாக அடுக்கி அங்கேயே சூடு வைத்திருந்தா. குளம் இருபத்தெட்டு அடியைத் தாண்டினால் வான் பாய்ந்து, தண்ணீர் அந்த வயலுக்குள்தான் முதலில் இறங்கும்.

காலை பத்து மணிக்கு அக்கா எனக்குப் போன் எடுத்தா.

"புள்ள, தண்ணி எவ்வளவு நிக்குது? மிசின்காரன் ட்ரக்டர் பெட்டியோட நிக்கிறான். இப்ப நெல்ல ஏத்தலன்னா சங்கிலியோட வயலுக்குப் போயிருவானாம்."

ஷீட்டைப் பார்த்தேன். நேற்றுப் பின்னேரத்திலிருந்து எல்லா வரிசையிலும் இருபத்தேழு.

"இருபத்தேழுதான் அக்கா. ஏறேல்லை."

"மழை இப்பிடி ஊத்துதே?"

"குளத்துக்குத் தண்ணி வாற பக்கம் பெய்யேல்லைப் போல."

"அப்ப நாளைக்கு ஏத்திக்கிறேன். நீ பாத்துச் சொன்னா சரிதான்."

இரண்டு மணிக்கு வான் பாய்ந்தது. கிருபன் அண்ணை நனைந்தபடி ஓடி வந்தார்.

"நீ என்னத்தைப் பாத்துச் சொன்னனி?"

ஷீட்டில் அப்போதும் இருபத்தேழு. ஸ்கிரிப்ட் ஒரு தடவைகூடப் பிழை விடவில்லை. பக்கத்தைத் திறந்தேன். எண்ணுக்குக் கீழே சிறிய எழுத்தில், கடைசியாகப் பதிந்தது நேற்று மாலை நான்கு மணி என்று இருந்தது. அந்த வரியை எடுக்கும்படி நான் எழுதவேயில்லை. நான் பதிந்து வந்தது ஸ்கிரிப்ட் ஓடிய நேரம், தண்ணீரை அளந்த நேரமல்ல. ஒரே பழைய எண்ணை இருபத்திரண்டு தடவை புதிதென்று எழுதியிருக்கிறேன்.

அன்றே ஷீட்டில் மூன்றாவது நிரலாக, பக்கத்தில் இருக்கும் அந்தப் பதிந்த நேரத்தையும் சேர்த்தேன்.

ஐந்தாம் நாள் அக்காவின் வயலுக்குப் போனேன். தண்ணீர் இன்னும் முழங்காலளவு. சூட்டிலிருந்து அக்கா ஒரு கதிர்க்கட்டை இழுத்துக் காட்டினா. நெல்லெல்லாம் வெள்ளையாக முளைத்திருந்தது.

"வெதச்சப்பகூட இவ்வளவு ஒழுங்கா மொளைக்கல புள்ள."

முளைத்த கதிர் ஒன்றைப் பிய்த்தெடுத்துப் பார்த்தேன்.

"சூட்டுல மேல கொஞ்சம் நல்லாத்தான் இருக்கு. அதையாவது எடுக்கணும். இன்னும் தண்ணி வருமா, வடியுமா? பாத்துச் சொல்லு."

போனில் ஷீட்டைத் திறந்தேன். மணிக்கொரு வரிசை சேர்ந்திருந்தது. மூன்றாவது நிரலில் எல்லாவற்றுக்கும், வான் பாய்ந்ததற்கு முதல்நாளின் அதே மாலை நான்கு மணி.

"தெரியாது அக்கா."

அக்கா தலையாட்டினா. கதிர்க்கட்டைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வரம்பில் ஏறி நடந்தா.