முதல் வரியில் ‘விளம்பரம்’

அலாரம் அடிக்கும் முன்பே விழிப்பு வந்துவிடும். அடிக்கும்வரை படுத்திருப்பேன். கட்டில் ஓரம் இரண்டு போன்கள் சார்ஜில் கிடக்கும். என்னுடையதைப் பிடுங்கிக்கொள்வேன். மற்றதை அப்படியே விட்டுவிடுவேன். பல் தேய்ப்பு, குளியல், கறுப்புக் காபி. சட்டைக்கு இஸ்திரி போடுவதில்லை. அலுவலகத்தில் யாரும் கேட்பதுமில்லை. மனைவியை இழந்தவனுக்குக் கிடைக்கும் சலுகைகளில் அது ஒன்று.

பேருந்தில் நின்றபடி அன்றைய வரிசையைப் பார்ப்பேன். அன்று மதியம் ஒரு நடிகர் தற்செயலாக ஒரு மெத்தையைப் பற்றி நெகிழ்ந்துபோகவிருந்தார். அந்தத் தற்செயல் போன மாதமே எழுதப்பட்டு, மூன்று பேரால் திருத்தப்பட்டு, மெத்தைக் கம்பெனியின் ஒப்புதலும் பெற்றிருந்தது. மாலையில் ஒரு பாடகி தன் ஷாம்பூவை மனம்விட்டுப் பாராட்டுவார். அவருக்கு இன்னும் அது தெரியாது.

பிரபலங்களின் பக்கங்களில் தேதி குறித்துப் பதிவுகளை வெளியிடும் நிறுவனம் எங்களுடையது. என் வேலை, அவற்றில் எது காசு வாங்கிக்கொண்டு சொல்வது என்று படிப்பவருக்குத் தெரியும்படி செய்வது. ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதை சிஸ்டத்தில் ஏற்றிவிடுவோம்: யார் பக்கம், எந்தப் பொருள், எந்தத் தேதிவரை, என்னென்ன விளம்பர வாசகங்கள். அதோடு பொருந்தும் பதிவு எது வந்தாலும் முதல் வரியில் ‘விளம்பரம்’ என்று தானாக விழும். ‘மேலும்’ என்பதை அழுத்தினால்தான் தெரியும் மூலையில் அல்ல, முதல் வரியில். காசு வாங்காமல் பொருளை மட்டும் இலவசமாக வாங்கியிருந்தாலும் விழும். அதை எடுக்க ஒருவர் காரணம் எழுதிக் கேட்க வேண்டும், பதிவேடு பார்ப்பவர் ஒப்ப வேண்டும். யார் கேட்டார், யார் ஒப்பினார், எப்போது, முன்பு எப்படி இருந்தது, வெளியானபோது எப்படி இருந்தது, எல்லாம் படத்தோடு நிற்கும். அழிக்க முடியாது. பதிவேடு பார்ப்பவனாலும் முடியாது. அவன் நான்தான்.

அன்று வரிசையில் ஒரு சிவப்புக் குறி இருந்தது. மறுநாளுக்கான பதிவு. என் மனைவியின் பக்கம்.

அவள் வீட்டுச் சாமான்களைப் பற்றிப் பேசுபவள். துடைப்பம், குக்கர், கத்தி. சமையலறை மேசைமேல் வைத்து உபயோகித்துக் காட்டுவாள், பிடிக்கவில்லையென்றால் கேமரா முன்னாலேயே டப்பாவில் போட்டு மூடுவாள். என்னிடம் அவள் முதன்முதலில் பேசியதே திட்டுத்தான்.

“ஏங்க, மிக்ஸி வீடியோவுல விளம்பரம்னு போட்டீங்க. அதையே காப்பி பண்ணி அடுத்த வாரத்துக்குப் போட்டப்ப அந்த வார்த்தை எங்க போச்சு? வழியில பஸ்ல இறங்கிடுச்சா?”

பார்த்தேன். அவள் சொன்னது சரி. ‘விளம்பரம்’ என்ற அடையாளத்தைப் பதிவோடு கட்டியிருந்தோம். நகல் எடுத்தால் அது கழன்று போனது. அதன்பிறகுதான் அதை ஒப்பந்தத்தோடு கட்டினேன். நகல் எடுத்தாலும், தேதி மாற்றினாலும், வேறு பெயரில் போட்டாலும் துரத்திக்கொண்டு வரும். வேலை முடிந்ததும் அவளிடம் காட்டினேன். “பரவால்லையே, மண்டைக்குள்ள ஏதோ இருக்கு” என்றாள். பிறகு கல்யாணம். பிறகு ஆஸ்பத்திரி. மறுநாளோடு அவள் போய் ஒரு வருடம்.

அவள் பக்கம் இப்போது என் மாமியார் பெயரில் இருக்கிறது. நடத்துவது நிறுவனம். பழைய வீடியோக்களை மறுபடி போடுவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

பதிவைத் திறந்தேன். அவள் சிரிக்கும் படம். பின்னால் அலமாரியில், மங்கலாக, அவள் கண்ணால் பார்த்தேயிராத ஒரு சத்து மாத்திரை டப்பா. கீழே: ‘ஒரு வருடம் ஆகிறது. கடைசி மூச்சிலும் அவள் சொன்னது ஒன்றுதான்: சோர்ந்து போகாதீங்க.’

‘சோர்ந்து போகாதீங்க’ என்பது அந்த மாத்திரையின் விளம்பர வாசகம். மாத்திரை சந்தைக்கு வந்ததே அவள் போன பிறகு.

பதிவின் வகை ‘சொந்தப் பதிவு’ என்று குறிக்கப்பட்டிருந்தது. பொருளின் பெயர் இல்லை, இணைப்பு இல்லை. சாமர்த்தியம். ஆனால் ஒப்பந்தத்தில் அந்தப் பக்கமும் அந்த வாசகமும் ஏற்றப்பட்டிருந்தன. ஆகவே முதல் வரியில், அவள் தலைக்கு மேல், விளம்பரம் என்று விழுந்திருந்தது. அடியில் மேனேஜரின் கோரிக்கை: ‘அடையாளத்தை நீக்கவும். காரணம்: குடும்ப அஞ்சலி.’

கண்ணாடி அறையில் மேனேஜரும் கவிஞரும் எனக்காகக் காத்திருந்தார்கள். வாசகங்கள் எழுதுபவரை நாங்கள் கவிஞர் என்போம். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார்.

“உட்காரு தம்பி. டீ சொல்லட்டுமா?”

“வேண்டாம் சார்.”

“பாத்துட்டே போல.”

“பாத்தேன். டப்பாவை யாரு அலமாரில வெச்சது?”

“டிசைன்ல,” என்றார் கவிஞர். “ரொம்ப நாசூக்கா ப்ரோ. கண்ணை உறுத்தவே உறுத்தாது.”

“அவ கடைசியா சொன்னது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கவிஞர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மேசையைப் பார்த்தார்.

“உணர்வு அதுதானே ப்ரோ,” என்றார் கவிஞர். “அவங்க வாழ்க்கையோட சாரம்.”

சாரம். துடைப்பத்தின் கைப்பிடி கழன்றதும் “இதை வெச்சு நாய்கூட துரத்த முடியாது” என்று சொன்னவளின் சாரத்தை இவர் மாத்திரை டப்பாவுக்குள் கண்டெடுத்திருக்கிறார்.

“இது விளம்பரம் சார். மாத்திரைக் கம்பெனியோட ஒப்பந்தத்துல இருக்கற பதிவு.”

“விளம்பரமேதான். நான் இல்லன்னு சொன்னேனா?” மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். நேர்மையாகப் பேசும்போது அவருக்குக் குரல் தாழும். “ஆனா செத்தவங்க படத்துக்கு மேல விளம்பரம்னு போட்டா எப்படியிருக்கும்? நீயே யோசி. உன் பொண்டாட்டிக்குத்தான் அசிங்கம். உனக்காகத்தான் எடுக்கச் சொல்றேன்.”

இது நன்றாக இருந்தது. செய்த அசிங்கம் அப்படியே இருக்கும். பெயரை மட்டும் எடுத்துவிட வேண்டும், அதுவும் என் நன்மைக்காக.

“சரி, சிஸ்டமே வேணாம்,” என்றார் கவிஞர். “போன்லேர்ந்து நேரா போட்டுடலாமே?”

“போடுங்க. கொஞ்ச நேரத்துல சிஸ்டம் போய்ப் பக்கத்தைப் படிக்கும். ஒப்பந்தத்தோட பொருத்திப் பாக்கும். அடையாளம் இல்லாம வெளியான பதிவுன்னு படத்தோட எழுதி வெச்சிடும். மாசக் கடைசில அந்த அறிக்கை கம்பெனியோட வக்கீலுக்குப் போகும். யார் போன்லேர்ந்து போச்சுங்கறதும் இருக்கும்.”

கவிஞர் தன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“அதனாலதான் உன்னைக் கேக்கறேன்,” என்றார் மேனேஜர். “நீ ஒப்புக்கிட்டா ஒரு பய கேள்வி கேக்க மாட்டான். புருஷனே ஒப்புக்கிட்டாருன்னா முடிஞ்சுது. உங்க அத்தையும் சரின்னுட்டாங்க.”

“அத்தைகிட்ட என்ன சொன்னீங்க?”

“நீ எங்ககிட்ட சொன்னதா சொன்னோம். கடைசி வார்த்தையை. அந்தம்மா ஒரே அழுகை. எவ்வளவு ஆறுதல் தெரியுமா அவங்களுக்கு? அதைக் கெடுக்கப் போறியா?”

எழுந்து வந்தேன். பின்னால் மேனேஜர், “சாயங்காலத்துக்குள்ள பண்ணிடு தம்பி, கம்பெனிக்காரன் கேக்கறான்” என்றார். ஆறுதலுக்கு ஒரு நேரக்கெடு இருந்தது.

என் மேசையில் உட்கார்ந்தேன். இரண்டு பொத்தான்கள்: ஒப்பு, நிராகரி. நிராகரித்தால் பதிவே வெளியாகாது. அடையாளத்தை மட்டும் காப்பாற்றுவது சுலபம். நான் ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும்; மறுநாள் ‘விளம்பரம்’ என்ற வார்த்தையோடு பதிவு வெளியாகும். ஆனால் பொய்க்கு மேல் விளம்பரம் என்று எழுதினால் அது விளம்பரம் செய்யப்பட்ட பொய். ஒருவர் சொன்னதாகப் போடும் எதையும் அவர் நிஜமாகவே சொல்லியிருக்க வேண்டும். அதற்கு ஆதாரம் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தைத் திறந்தேன். ‘ஆதாரம்’ என்ற இடத்தில் கவிஞர் எழுதியிருந்தார்: கணவர் வாய்மொழி.

போன் அடித்தது. அத்தை.

“மாப்பிள்ளை, வேலையா இருக்கீங்களா?”

“சொல்லுங்க அத்தை.”

“உங்க ஆபீஸ்லேர்ந்து பேசினாங்க. அவ கடைசியா என்னமோ சொன்னாளாமே. சோர்ந்து போகாதீங்கன்னு.” மூக்கை உறிஞ்சினார். “எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே. நான் அன்னிக்கு அவ துணியை எடுக்க வீட்டுக்குப் போய்த் தொலைச்சேன். ஒரு வருஷமா உங்ககிட்ட கேக்கணும்னு இருக்கேன். பயமா இருந்தது. போறவளுக்கு நான் ஞாபகம் இல்லாமப் போயிருந்தா?”

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“ஆனா பாருங்க, ஒண்ணு இடிக்குது,” என்றார். “அவ வீட்டுல யாரையும் போகாதீங்க வராதீங்கன்னு மரியாதை குடுத்துப் பேசினதே இல்ல. எங்கிட்டயும் வா போதான். இது யாரோ மைக்குல பேசற மாதிரி இருக்கு. நிஜமா சொன்னாளா?”

கண்ணாடி அறைக்குள் மேனேஜர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

“இல்லை அத்தை. அது ஒரு மாத்திரை விளம்பரம். நான் அப்படி யார்கிட்டயும் சொல்லல.”

“கட்டையில போறவனுங்க” என்றார். அழுகை நின்றிருந்தது. “என் வாயாலயே சரின்னு சொல்ல வெச்சுட்டானுங்களே. அதை வாபஸ் வாங்க முடியுமா?”

“முடியும். பக்கம் உங்க பேர்ல இருக்கு. சம்மதம் இல்லைன்னு எழுதி அனுப்புங்க, அதையும் சேத்துடறேன். நாளைக்கு எதுவும் வராது.”

“அவனுங்க உங்க வேலைக்கு உலை வெப்பானுங்களே மாப்பிள்ளை?”

“வெக்கட்டும்.”

நிராகரி என்பதை அழுத்தினேன். காரணம் கேட்டது. காரணம் எழுதாமல் நிராகரிக்க முடியாது. அந்த விதியையும் நான்தான் வைத்தேன். எழுதினேன்: இது மாத்திரைக் கம்பெனியின் விளம்பர வாசகம். அவர் இதைச் சொல்லவில்லை. பொருளை உபயோகிக்கவும் இல்லை. அவர் இருந்தபோது அது விற்பனைக்கே வரவில்லை. ‘கணவர் வாய்மொழி’ என்பது பொய். கணவர் நான்.

அடுத்த கட்டம்: ‘சம்பந்தப்பட்டவர் உண்மையில் சொன்னது’. அது கட்டாயமில்லை. விட்டுவிடலாம்.

“அப்போ என்னதான் சொன்னா?” அத்தை இன்னும் போனில் இருந்தார். “நல்லதா இல்லைன்னாலும் பரவால்ல. இருக்கறதைச் சொல்லுங்க.”

“ஒண்ணுமில்லை அத்தை. சாதாரணமாத்தான். அதனாலதான் சொல்லல.”

“சொல்லுங்க.”

சொல்லிக்கொண்டே அந்தக் கட்டத்தில் அடித்தேன். ஒரு வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

“சாப்பிட்டேன்னு கதை விடாத, மூஞ்சியே சொல்லுது. கீழ போய் ஏதாவது தின்னு. அம்மா வந்தா அவளையும் திங்க வை. வரும்போது என் சார்ஜரை எடுத்துட்டு வா.”