குமிழைப் பிடுங்கினேன்

பீளமேட்டில் எங்கள் த்ரீடி பிரிண்டிங் கடை. பம்ப் கம்பெனிக்காரர் ஒருவர் நைலான் பாகம் கேட்டார். அதற்காக என் கூட்டாளி கிருபாசங்கர், பிளாஸ்டிக்கை உருக்கும் பழைய ஹாட்எண்டைக் கழற்றிவிட்டு முந்நூறு டிகிரி வரை தாங்கும் முழு உலோக ஹாட்எண்டை மாட்டினார். பழையதில் முனைவரை டெஃப்லான் குழாய் இருந்தது. இருநூற்று நாற்பது டிகிரியைத் தாண்டினால் அது கெட்டுப்போகும். புதியதில் சூடாகும் இடத்தில் குழாயே இல்லை. சூட்டை அளக்கும் சென்சாரையும், மிஷின் மென்பொருளில் இருந்த சூட்டு வரம்பையும் நான் மாற்றினேன். நைலான் இருநூற்று அறுபத்தைந்தில் அழகாக வந்தது.

அடுத்த வேலை சாதாரண பிஎல்ஏ பிளாஸ்டிக். பாதியில் ஹாட்எண்ட் அடைத்துக்கொண்டது. கிருபாசங்கர் மிஷினின் குமிழைத் திருகிச் சூட்டை ஏற்றினார். மறுபடியும் அடைத்தது. இன்னும் ஏற்றினார்.

"ஏனுங்க, முந்நூறு தாங்கும்னா முந்நூறுல ஓட்டோணும்னு அர்த்தமாங்க? பிஎல்ஏவுக்கு எரநூறு போதுமுங்க!"

"அடைக்குதுங்களே மோகனப்பிரியா?"

"பழைய செட்டிங்கையே உட்டுப்போட்டீங்க. பிளாஸ்டிக் இழையை நடுநடுவால ஆறு மில்லிமீட்டர் பின்னால இழுக்குது. இளகுன நுனி மேல போயி, குளுந்த உலோகத்துல ஒட்டிக்குது. வழுக்கி உடறதுக்கு அங்க இப்ப டெஃப்லான் இல்லீங்க!"

அடைப்பை எடுத்து, சூட்டை இருநூறுக்கு இறக்கி, இழுப்பை இரண்டு மில்லிமீட்டராகக் குறைத்தேன். தடங்கலில்லாமல் ஓடியது.

அதற்குள் கிருபாசங்கர் அன்னூர் வாடிக்கையாளர் ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"முந்நூறு டிகிரி மிசினுங்க! உங்க பிஎல்ஏ பீஸையும் முந்நூறுலயே போட்டுத் தாரோமுங்க."

மிஷினின் குமிழைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.