பிரேக்கக்கா

“எப்பம்மா வர்ற?” என்று மகள் போனில் கேட்டாள்.

“வண்டி சொல்லிக்கொடுக்க ஆள் இல்லடி. நிறைய பேருக்கு லைசன்ஸ் டெஸ்ட் வருது.”

“எனக்குக் குழந்தை வருது.”

டெஸ்ட் உண்மைதான். ஆனால் அது காரணம் அல்ல. மகளின் வீட்டில் கழிப்பறை ஒன்றுதான். அதன் கதவு கூடத்தில் இருந்தது. கதவுக்கு நேர் எதிரே சோபா. மருமகன் ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர். அம்மாவுக்குக் காலையில் கழிப்பறையில் முக்கால் மணி நேரம் வேண்டும். சில நாள் அதுவும் போதாது.

“உனக்கு வர இஷ்டம் இல்லன்னா சொல்லிடு. நான் அத்தையை வரச் சொல்லிக்கிறேன்.”

“யாரு, சம்பந்தியம்மாவையா?”

“வேற யாரு? கூப்பிட்டா வர்றவங்க அவங்கதானே.”

மகள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் தன் வீட்டுக் கழிப்பறையில் உட்கார்ந்திருந்தபோது வெளியே கணவரின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் தன் காலைக்கடனை எதிர்வரிசை மெக்கானிக் ஷெட்டில் முடித்துக்கொள்ளப் பழகி வெகுகாலம் ஆகிறது. திரும்பி வந்து கதவருகே நிற்பார்.

“கப்பல் கிளம்பிடுச்சா?”

“இல்ல.”

“பப்பாளி வாங்கிட்டு வரவா?”

பப்பாளி, அத்திப்பழம், தவிடு, மருந்துக்கடைப் பவுடர். எல்லாம் அவற்றின் வேலையைச் செய்தன. மலம் களிம்பு மாதிரி இளகித்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் புரியவில்லை. கல்லாக இருந்தால் முக்கலாம், அதில் ஒரு நியாயம் உண்டு. குழைந்து கிடப்பதை எதற்கு முக்க வேண்டும்? ஆனாலும் முக்கினாள். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. கொஞ்சம் போனது, மிச்சம் வாசலிலேயே நின்றது. சில நாள் விரலால் எடுத்துவிட்டாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் போனாள்.

பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் மிதிப்பதற்கு. அவர் தடுமாறுவதற்கு முன்பே அவள் மிதித்துவிடுவாள். நாய், சைக்கிள், வளைவு, நாய் வரக்கூடிய சந்து, எல்லாவற்றுக்கும். பயிற்சிக்கு வருபவர்கள் அவளை பிரேக்கக்கா என்று சொன்னார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால், பிறகு நேரிலேயே.

அன்று முதல் வகுப்பு மருந்துக்கடைக்காரருக்கு. அவளுக்குப் பவுடர் விற்பவர் அவர்தான். டெஸ்டில் தோற்றுவிட்டு வந்திருந்தார்.

“என்ன ஆச்சு?”

“வளைவுல டிரம்முல மோதிட்டேன்க்கா.”

“பிரேக் போடலையா?”

“வண்டி தானா நிக்கும்னு இருந்துட்டேன். உங்ககூட வந்தா அப்படித்தானே நிக்கும்.”

அவள் வெளியே பார்த்தாள். அவர் வண்டியை எடுத்தார்.

“கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க,” என்றார் சிறிது தூரம் போனபின். “பவுடர் கேக்குதா, இல்லையா?”

“கேக்குது. இளகிடுச்சு.”

“அப்புறம் ஏன் மறுபடி மறுபடி வாங்குறீங்க?”

“இளகினது போக மாட்டேங்குது.”

“அப்ப பவுடர் விஷயம் இல்லக்கா இது. வயித்து டாக்டரைப் பாருங்க.”

“ரோட்டைப் பாருங்க,” என்று அவள் பிரேக்கை மிதித்தாள்.

வயிற்று டாக்டர் கேமரா விட்டுப் பார்த்தார். குடலில் ஒன்றுமில்லை. பிறகு இடதுபுறமாகப் படுக்கச் சொன்னார். கையுறை போட்டுக்கொண்டார்.

“வெளிக்குப் போற மாதிரி என் விரலை வெளிய தள்ளுங்கம்மா.”

அவள் தன்னால் முடிந்தவரை தள்ளினாள்.

“விடுங்க.”

“தள்ளிட்டுத்தான் இருக்கேன்.”

“பிடிச்சுட்டு இருக்கீங்க.”

அடுத்து ஒரு சிறு பலூனை உள்ளே வைத்து அதில் தண்ணீர் ஏற்றினார்கள். திரைக்குப் பின்னால் கழிப்பறை நாற்காலியில் உட்கார்ந்து அதை வெளியே தள்ள வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நிமிடம் போதும் என்றாள் நர்ஸ். நெடுநேரம் கழித்து, “போதும்மா, வாங்க,” என்று தண்ணீரை எடுத்துப் பலூனை உருவினாள்.

“அடைப்பு இல்ல, கட்டி இல்ல,” என்றார் டாக்டர். “ஆசனவாயைச் சுத்தி இருக்கிற தசை எப்பவும் மூடித்தான் இருக்கும். மூடி இருக்கிறதுதான் அதோட வேலை. நாம வயித்துல இருந்து தள்ளும்போது அது தளரணும். உங்களுக்கு அப்ப பார்த்து இறுகுது. எவ்வளவு தள்ளுறீங்களோ அவ்வளவு இறுகுது.”

“வயசாயிடுச்சா?”

“பழக்கம். அதுவா வந்து ஒட்டிக்கிட்ட பழக்கம். ஆபரேஷன் தேவையில்ல. பயோஃபீட்பேக்னு ஒரு பயிற்சி இருக்கு. தசைக்கு டியூஷன் மாதிரி.”

“பாஸ் பண்ணிடுவேனா?”

“பத்துல ஏழு பேருக்கு நல்லாகுது.”

“மீதி மூணு பேரு?”

“அவங்களுக்கு வேற வழி பார்ப்போம்.”

மகளின் பிரசவத்துக்குக் குறித்திருந்த நாளுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. பயிற்சி வாரம் ஒரு முறை.

பயிற்சி அறையில் ஒரு கட்டில், ஒரு கழிப்பறை நாற்காலி, ஒரு கணினித் திரை. பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் மகள் வயதுப் பெண். விரலைவிட மெல்லிய ஒரு குழாயை ஆசனவாய்க்குள் வைத்தாள். வயிற்றில் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டினாள். திரையில் இரண்டு கோடுகள் ஓடின.

“மேல இருக்கிறது உங்க வயிறு. கீழ இருக்கிறது அந்தத் தசை. எங்க, தள்ளுங்க பார்ப்போம்.”

தள்ளினாள். இரண்டு கோடுகளும் மலை மாதிரி எழுந்தன. அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

“நல்லா ஏறுச்சு இல்ல?”

“ரெண்டும் ஏறக் கூடாதுக்கா. மேல இருக்கிறது ஏறணும், கீழ இருக்கிறது இறங்கணும்.”

அவள் மறுபடி முயன்றாள். கீழ்க்கோடு முன்னைவிட உயரமாக ஏறியது.

“முக்காதீங்க.”

“முக்காம எப்படிம்மா போறது?”

“எல்லாரும் அப்படித்தான் போறாங்க.”

இது அவளுக்குப் புதிய செய்தி.

வீட்டுக்குப் பாடம் கொடுத்தாள். சாப்பிட்டபின் உந்துதல் வரும்போது போக வேண்டும். காலுக்கடியில் முக்காலி. முழங்கை தொடை மேல். வயிறு விரியும்படி மூச்சு. மூச்சை அடைத்துக்கொண்டு தள்ளக் கூடாது. ஐந்து நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிட வேண்டும்.

எழுந்து வருவதுதான் கஷ்டமாக இருந்தது. முதல் நாள் வெளியே வந்தபோது கணவர் பேப்பரைக் கீழே இறக்கினார்.

“என்ன, அதுக்குள்ள வந்துட்ட? ஏதாவது ஆச்சா?”

“ஒண்ணும் ஆகல. அதான் வந்துட்டேன்.”

“ஆனாத்தானே வரணும்?”

“ஆகலன்னாலும் வரணுமாம்.”

அவர் சிறிது யோசித்தார். “பப்பாளி?” என்றார்.

இரண்டாம் வாரமும் கோடு ஏறியது. மூன்றாம் வாரம் பிசியோதெரபிஸ்ட் திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

“அக்கா, அந்தக் கால் என்ன பண்ணுது?”

அவள் குனிந்து பார்த்தாள். ஒரு பாதம் தரையில் ஊன்றியிருந்தது. குதிகால் தரையில், முன்பாதம் அழுத்தமாக. விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

“பழக்கதோஷம். வண்டியில அப்படித்தான்.”

“இங்க வண்டி இல்லையே.”

அவள் பாதத்தைத் தூக்கினாள். தள்ளச் சொன்னதும் அது தானாகப் போய் ஊன்றிக்கொண்டது.

“கால் மட்டும் இல்ல. தொடை, பின்பக்கம், தாடை எல்லாம் சேர்ந்து பிடிக்குது,” என்றாள் பிசியோதெரபிஸ்ட். “நீங்க தள்ளுறதா நினைச்சுட்டு எல்லாத்தையும் பூட்டுறீங்க.”

மறுநாள் மருந்துக்கடைக்காரரின் வகுப்பில் தன் பாதம் வண்டி கிளம்பியது முதல் பிரேக்கின் மேலேயே இருந்ததைக் கவனித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கால்களையும் மடித்து இருக்கை மேல் வைத்துக்கொண்டாள்.

“என்னக்கா பண்றீங்க?”

“உட்கார்ந்திருக்கேன்.”

“வளைவு வருதுக்கா.”

“வரட்டும்.”

“அக்கா!”

அவர் மிதித்தார். வண்டி வளைவுக்கு முன் நின்றது. கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் குலுக்கலாக. பின்னால் வந்த லாரிக்காரர் அவர்களுடைய பரம்பரையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

“யாரு போட்டது?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“நீங்கதான்.”

அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரமும் கோடு இறங்கவில்லை. கால் முக்காலி மேல் இருந்தது, தாடை தளர்ந்திருந்தது, மூச்சு வயிற்றுக்குப் போனது. ஆனாலும் தள்ளு என்றதும் கீழ்க்கோடு ஏறியது.

“இது என்னை விடாது,” என்றாள். “என் பொண்ணு என்னைக் கூப்பிடுறதையே நிறுத்திட்டா. சம்பந்தியம்மா நேத்தே பெட்டியோட போய் இறங்கிட்டாங்களாம். எனக்குச் சொல்லக்கூட இல்ல. மருமகன்தான் சொன்னாரு. சரி, போ. யாரு இருந்தா என்ன, புள்ள நல்லாப் பொறந்தா சரி.”

நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

“அக்கா, அசையாதீங்க. திரையைப் பாருங்க.”

கீழ்க்கோடு படிக்கட்டில் இறங்குவது போல இறங்கியிருந்தது.

“இப்ப என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலையே.”

“அதேதான். அந்த ஒண்ணும் பண்ணாததைப் பிடிச்சுக்கோங்க. இப்ப வயித்தை மட்டும் மெதுவா முன்னால தள்ளுங்க.”

மேல்கோடு சிறிது ஏறியது. கீழ்க்கோடு தாழ்வாகவே இருந்தது. பிறகு பயந்துபோய் ஏறிவிட்டது. பரவாயில்லை என்றாள் பிசியோதெரபிஸ்ட். தசைக்கு வழி தெரிந்துவிட்டது, இனி அதை நடந்து நடந்து பழக்க வேண்டும்.

அவள் பழக்கினாள். காரில், சமையலறையில், கணவர் செய்தி பார்க்கும்போது அவர் பக்கத்தில். ஐந்தாம் வாரம் பத்தில் ஆறு முறை இறங்கியது. ஆறாம் வாரம் பிசியோதெரபிஸ்ட் திரையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, பார்க்காமலே செய்யச் சொன்னாள். கடைசியில் மறுபடியும் பலூன்.

அது நாற்காலிக்கு அடியில் இருந்த பேசினில் விழுந்த சத்தம் இருவருக்கும் கேட்டது. இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

“இதை நான் எடுத்துட்டுப் போகலாமா?”

“எதுக்குக்கா?”

“எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்ட.”

“அதெல்லாம் கொடுக்க மாட்டோம்.”

வெளியே வந்ததும் மகளுக்குப் போன் செய்தாள். “நாளைக்கு வரேன்.”

“டெஸ்டு இருக்குன்ன?”

“முடிஞ்சது. பாஸ்.”

“இங்க அத்தை இருக்காங்கம்மா.”

“இருக்கட்டும். நானும் இருக்கேன்.”

மகளின் வீட்டில் முதல் காலை. சம்பந்தியம்மா கழிப்பறைக் கதவுக்கு நேர் எதிரே சோபாவில் காபியோடு உட்கார்ந்திருந்தார். மருமகன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வயிற்றைப் பிடித்தபடி அறை வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தாள். அம்மா வந்ததை அவள் இன்னும் முழுதாக நம்பவில்லை.

“நீங்க முதல்ல போங்க சம்பந்தி,” என்றார் சம்பந்தியம்மா. “எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அவள் உள்ளே போய்த் தாழிட்டாள்.

முக்காலி கொண்டுவர மறந்திருந்தாள். உட்கார்ந்ததும் வெளியே காபி உறிஞ்சும் சத்தம் கேட்டது. பாதம் தரையில் ஊன்றிக்கொண்டது. கீழே எல்லாம் பூட்டிக்கொள்வது திரை இல்லாமலே தெரிந்தது. அவள் சின்ன பக்கெட்டைக் கவிழ்த்து அதன் மேல் இரண்டு பாதங்களையும் வைத்தாள். முழங்கையைத் தொடையில் ஊன்றினாள். வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள். புள்ள நல்லாப் பொறந்தா சரி என்று நினைத்து, நீளமாக மூச்சு விட்டாள். கப்பல் கிளம்பியது.

ஐந்து நிமிடத்துக்குள் தாழ்ப்பாள் விலகிய சத்தத்தில் மருமகன் திடுக்கிட்டார்.

“என்ன அத்தை,” என்றார், “தண்ணி வரலையா?”

“வருது மாப்பிள்ளை,” என்றாள். “போங்க.”