பதினெட்டாம் பிரிவில் காணாமல் போன ஐந்து

கையெழுத்துப் போட இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. பூங்கொத்து வந்துவிட்டது, போட்டோக்காரர் வந்துவிட்டார், முதலாளியின் மச்சான் தங்க மூடி போட்ட பேனாவோடு வந்துவிட்டார். ஒப்பந்தத்தை மொழிபெயர்த்தவர் அவர்தான். 'மொழியியல் ஆலோசகர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டதிலிருந்து, டீ வேண்டும் என்பதைக்கூட அவர் சுருக்கமாகச் சொல்வதில்லை.

ஆபீஸ் கிளார்க்கை எல்லோரும் ஃபைல் அக்கா என்றே கூப்பிடுவார்கள். அன்று அவளுக்குக் கொடுத்த வேலை, இரண்டு பிரதிகளுக்கும் பக்க எண் சரிபார்த்து ரிப்பன் கட்டுவது மட்டும்தான். ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. அயல்மொழி மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அக்கம்பக்கம் வைத்து, பிரிவு பிரிவாக எண்களை மட்டும் எண்ணுவாள். இங்கே ஏழு எண் இருந்தால் அங்கேயும் ஏழு இருக்க வேண்டும்.

பதினெட்டாம் பிரிவு தாமத அபராதம். மூலத்தில் இரண்டு எண்கள்: அரை சதவீதம், ஐந்து சதவீதம். மொழிபெயர்ப்பில் அரை மட்டும் இருந்தது. ஐந்தைக் காணோம்.

அகராதியை எடுத்து அந்தப் பிரிவைத் தட்டுத்தடுமாறிப் படித்தாள். தாமதமான தவணையின் விலையில் வாரத்துக்கு அரை சதவீதம். எல்லாம் சேர்ந்து மொத்த விலையில் ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இது மூலம். மொழிபெயர்ப்போ, வாரத்துக்கு *ஒப்பந்த மொத்த விலையில்* அரை சதவீதம் என்றது. உச்சவரம்பு என்ற பேச்சே இல்லை.

பட்டறை செய்து கொடுக்க வேண்டியது ஆயிரத்து இருநூறு ஆஸ்பத்திரிக் கட்டில், மாதம் நூறாகப் பன்னிரண்டு தவணையில். கட்டிலுக்கான சக்கரம் கப்பலில் வரும். ஒரு தடவைகூடச் சொன்ன தேதிக்கு வந்ததில்லை, இரண்டு வாரம் பிந்தும். பெயின்ட் பிரிவில் இருக்கும் அவள் வீட்டுக்காரர் சக்கரத்துக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது வாடிக்கை. ஒவ்வொரு தவணையும் இரண்டு வாரம் பிந்தினால், மூலத்தின்படி வருஷத்துக்குப் பன்னிரண்டு கட்டில் விலை போகும். மொழிபெயர்ப்பின்படி நூற்று நாற்பத்து நான்கு. பட்டறை பூட்டு, புருஷன் பெண்டாட்டி இருவரும் வீட்டில்.

வேறுபாடு வந்தால் மூலமே செல்லும் என்று கடைசிப் பிரிவில் இருந்தால் கவலையில்லை. புரட்டினாள். மொழிபெயர்ப்பே செல்லும் என்று இருந்தது.

மூலத்தில் இல்லாத இந்த அபராத வாசகத்தை எங்கோ படித்த ஞாபகம். அலமாரியிலிருந்து போன வருஷத்து ஃபைலை இழுத்தாள். பெயின்டைச் சுட்டுக் காயவைக்கும் அடுப்பு வாங்கிய ஒப்பந்தம். ஒரே அடுப்பு, ஒரே டெலிவரி. அபராதப் பிரிவு எழுத்துக்கு எழுத்து அதேதான். அன்றைக்கு நாம் வாங்குகிறவர். அபராதத்தை இறுக்கிப் பிடித்தோம். இன்று விற்கிறவர் நாம்.

இரண்டு ஃபைலையும் அணைத்துக்கொண்டு முதலாளி அறைக்குள் போனாள்.

"ஏம்மா, ரிப்பன் எங்க?" என்றார் முதலாளி.

"கட்டல சார். கட்டினா நம்ம கழுத்துக்குத்தான் கட்டணும்."

வாங்கும் கம்பெனியின் பிரதிநிதி அம்மாள் பூங்கொத்தை ஓரமாக நகர்த்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருபது வருஷமா இந்தத் துறைல இருக்கேன்மா," என்றார் மச்சான். "மொழிபெயர்ப்புங்கறது ஆன்மாவ இடம் மாத்தற வேலை."

"ஆன்மா வந்திருக்கு சார். அஞ்சு பர்சென்ட் வரல."

மூலத்தையும் அடுப்பு ஒப்பந்தத்தையும் பக்கத்தில் விரித்து வைத்தாள். மச்சான் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி பார்த்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

"பழசு மேலயே டைப் பண்ணேன் மாமா," என்றார் முதலாளியிடம், சின்னக் குரலில். இருபது வருஷத்தில் அவர் பேசிய மிகச் சுருக்கமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

முதலாளிக்கு வேர்த்தது. பிரதிநிதி அம்மாள் பேச்சுவார்த்தைக் குறிப்பை எடுத்துப் பார்த்தார். தாமதமான தவணைக்கு மட்டும், உச்சவரம்பு ஐந்து என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. சிரித்துவிட்டார்.

"நாம பேசினது இதுதான். கட்டில் செய்யறவங்களையே படுக்க வெச்சுட்டா, நான் யார்கிட்ட போய்க் கட்டில் வாங்கறது? மாத்துங்க."

"ஒரு பிரிவ மட்டும் மாத்தினா போதாதுங்க," என்றாள் ஃபைல் அக்கா. "இன்னும் எங்கெங்க அடுப்பு இருக்கோ! சார் மொழிபெயர்ப்ப வாசிக்கட்டும், நான் மூலத்த வெச்சு எண்ணறேன்."

முப்பத்தோரு பக்கம். மச்சான் பள்ளிப் பிள்ளை மாதிரி வாசித்தார். போட்டோக்காரர் பூங்கொத்தை மடியில் வைத்துத் தூங்கினார். பதினோராம் பிரிவில் 'அடுப்பு' என்று ஒரு வார்த்தை அகப்பட்டது. நோயாளியை அதில் படுக்க வைக்க வேண்டும் என்றிருந்தது. பிரதிநிதி அம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த இரண்டு பக்கத்தையும் இரு பிரதிக்கும் புதிதாக அச்சிட்டு, இரு தரப்பும் ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார்கள். மச்சான் மொழிபெயர்ப்புச் சான்றில் மறுபடி கையெழுத்திட்டார். தங்க மூடிப் பேனா எழுத மறுத்ததால் ஃபைல் அக்கா தன் பால்பாயின்ட்டைக் கொடுத்தாள்.

"சாட்சிக் கையெழுத்து யாரு?" என்று கேட்டார் அம்மாள்.

"எங்க அக்காதான்," என்றார் முதலாளி. அவளைவிட அவர் பத்து வயது மூத்தவர்.

மத்தியானம் பெயின்ட் பிரிவு வாசலில் வீட்டுக்காரர் கேட்டார்: "என்ன, வாயெல்லாம் பல்லு?"

"நூத்தி முப்பத்திரண்டு கட்டில் மிச்சம் பண்ணிட்டேன்."

"வீட்ல இருக்கற ஒண்ணே ஆடுதே, அதுக்கு ஒரு ஸ்க்ரூ போடக் கூடாதா?"

"அது உங்க பிரிவு. போட்டுட்டு வந்து சொல்லுங்க, நான் எண்ணிப் பாக்கறேன்."